பிக் ஓல்டு ரெட் கார்: ஆங்கிலத்தில் பெயரடைகளை எந்த வரிசையில் அடுக்குவது, மாற்றினால் ஏன் காதில் உறுத்துகிறது

'எ பிக் ஓல்டு ரெட் கார்' என்று சொன்னால் ஆங்கிலம் தெரிந்த யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதே சொற்களை 'எ ரெட் ஓல்டு பிக் கார்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் ஒரு நொடி தயங்குவார். எழுத்துப்பிழை இல்லை, சொல்லும் தப்பில்லை, அர்த்தமும் புரிகிறது. ஆனாலும் ஏதோ இடிக்கிறது. என்ன இடிக்கிறது என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரிடம் கேட்டால், 'அப்படிச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்' என்பார். அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நமக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு அட்டவணையாக. முதலில் கருத்து, பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், எந்த நாட்டுப் பொருள், எதனால் செய்தது, எதற்குப் பயன்படுவது, கடைசியில் பெயர்ச்சொல். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய இது போதும். பேசும்போதோ மின்னஞ்சல் எழுதும்போதோ எட்டுக் கட்டங்களை மனதில் ஓட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. போதாக்குறைக்கு இந்த அட்டவணை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஒன்றில் வயதுக்குப் பிறகு வடிவம் வரும், இன்னொன்றில் வடிவத்துக்குப் பிறகு வயது வரும். எதை நம்புவது?

அதனால் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, அது எதிலிருந்து பிறக்கிறதோ அந்த ஒரே கேள்வியைக் கையில் எடுப்போம். அது பிடிபட்டால் அட்டவணை எங்கே சரி, எங்கே கைவிடும் என்பதும் தெரிந்துவிடும்.

அந்த ஒரே கேள்வி

ஒரு பெயரடையை எடுத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: இந்த விஷயத்தில் இரண்டு பேர் மாறுபட்டால், இருவருமே சரியாக இருக்க முடியுமா?

'இந்த மேஜை அழகாக இருக்கிறது' என்று ஒருவர் சொல்கிறார், 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்கிறார் மற்றவர். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ரசனை. 'இந்த மேஜை மரத்தால் ஆனது' என்று ஒருவர் சொல்லி, 'இல்லை, பிளாஸ்டிக்' என்று மற்றவர் சொன்னால் கதை வேறு. இரண்டில் ஒருவர் தப்பு. தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்ற பெயரடைகள் இந்த இரு முனைகளுக்கும் நடுவில் எங்காவது விழும். 'பெரிய' என்பதில் இருவர் மாறுபட நிறைய இடம் உண்டு. என் வீட்டுக்குப் பெரியது உங்கள் வீட்டுக்குச் சிறியதாக இருக்கலாம். 'பழைய' என்பதில் கொஞ்சம் குறைவு. 'சிவப்பு' என்பதில் இன்னும் குறைவு, ஆரஞ்சு கலந்த சிவப்பு என்றால் மட்டும் ஒரு சின்னத் தகராறு வரும். 'மர' என்பதில் தகராறுக்கே இடமில்லை.

விதி இதுதான்: எதில் கருத்து மாறுபட அதிக இடம் இருக்கிறதோ அது பெயர்ச்சொல்லிலிருந்து தள்ளி நிற்கும். எதில் இடம் குறைவோ அது பெயர்ச்சொல்லோடு ஒட்டி நிற்கும். 'பிக் ஓல்டு ரெட் கார்' இந்தக் கணக்கில் அச்சு அசலாகப் பொருந்துகிறது.

இப்படி ஒரு எண்ணம் மொழியியலாளர்களிடம் வெகுநாளாக வெவ்வேறு வடிவில் இருந்தது. பெயர்ச்சொல்லின் பொருளோடு நெருங்கியது பக்கத்தில் வரும் என்று பழைய இலக்கண நூல்கள் பொதுவாகச் சொல்லி வந்தன. 1977ல் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் பெயரடைகளை மதிப்பு, அளவு, வயது, நிறம் என்று பொருள்வகைகளாகப் பிரித்துக் காட்டினார். ஆனால் 'நெருக்கம்' என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்பது தெளிவில்லாமலே கிடந்தது. 2017ல் கிரெகரி ஸ்கோன்ட்ராஸ், ஜூடித் டெகன், நோவா குட்மன் மூவரும் அதை அளந்து பார்த்தார்கள். ஒரு பக்கம், ஒவ்வொரு பெயரடையும் எவ்வளவு அவரவர் பார்வையைச் சார்ந்தது என்று மக்களிடமே கேட்டார்கள். இன்னொரு பக்கம், இரண்டு பெயரடைகளை இரண்டு வரிசையிலும் காட்டி எது இயல்பாக இருக்கிறது என்று கேட்டார்கள். முதல் அளவை வைத்து இரண்டாவதை நன்றாகவே கணிக்க முடிந்தது.

மொழி ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?

பெயரடைகள் வரிசையாக நிற்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே அவை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. 'பிக் ஓல்டு ரெட் கார்' என்றால் முதலில் கார்கள், அவற்றில் சிவப்பு கார்கள், அவற்றில் பழையவை, அவற்றில் பெரியது. பெயர்ச்சொல்லில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒவ்வொரு சொல்லும் கூட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போகிறது.

இப்போது நீங்கள் கேட்பவர். பத்து கார் நிற்கிற இடத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். 'சிவப்பு' எது என்பதில் உங்களுக்கும் சொன்னவருக்கும் கருத்து வேறுபாடு வர வாய்ப்பு குறைவு, அதனால் முதலில் அது கூட்டத்தைப் பாதுகாப்பாகச் சுருக்கிவிடுகிறது. மிஞ்சியது இரண்டு மூன்று கார்தான் என்றால், 'பெரிய' என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதில் நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ள இடமே அதிகம் இல்லை. தலைகீழாகச் செய்தால், பத்து காரில் எவை 'பெரியவை' என்ற சந்தேகத்தோடு ஆரம்பித்து, அந்தச் சந்தேகத்தின் மேல் 'சிவப்பு' என்பதைக் கட்ட வேண்டியிருக்கும். இந்த விளக்கத்துக்குப் போட்டியாக வேறு விளக்கங்களும் உண்டு, ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. எனக்கு இது திருப்தியாகவே இருக்கிறது, ஏனென்றால் பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் மொழிகளையும் இது விளக்குகிறது. எபிரேயம் போன்ற மொழியில் இயல்பான வரிசை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும்: கார், சிவப்பு, பெரிய. இடம் வலம் மாறினாலும் 'சிவப்பு' காரை ஒட்டியே இருக்கிறது. ஆகவே முக்கியம் முன்பின் இல்லை, பெயர்ச்சொல்லிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான்.

தமிழும் இதே கட்சிதான். 'பெரிய பழைய சிவப்பு கார்' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தடங்கல் இல்லை. 'சிவப்பு பழைய பெரிய கார்' என்றால் எங்கோ முட்டுகிறது. 'மரப் பெரிய அழகான மேஜை' என்றால் முட்டுவதோடு நிற்காமல் தடுக்கியே விழுகிறோம். ஆக நம் காதுக்குள் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. ஆங்கிலத்தில் சந்தேகம் வரும்போது தமிழில் சொல்லிப் பார்ப்பது பெரும்பாலும் சரியாகவே வழிகாட்டும். எங்கே ஏமாற்றும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: எல்லாத் தப்பும் ஒரே அளவு தப்பில்லை. 'ஓல்டு பிக் கார்' லேசாகத்தான் உறுத்தும். 'ரெட் பிக் கார்' அதைவிட அதிகம். 'வுடன் பியூட்டிஃபுல் டேபிள்' காதைக் கிழிக்கும். இரண்டு சொல்லுக்கும் நடுவே தகராறு அளவில் எவ்வளவு இடைவெளியோ, மாற்றிப் போட்டால் அவ்வளவு உறுத்தும். இடைவெளி குறைந்த ஜோடிகளில் எந்த வரிசையும் பெரிய பாதகமில்லை. வயதா வடிவமா என்று புத்தகங்கள் சண்டை போடுவதற்குக் காரணமும் இதுதான்.

ஒரு மேஜையை எடுத்து அடுக்கிப் பார்ப்போம்

சொல்ல வேண்டியது இது: மேஜை ஒன்று இருக்கிறது. வட்டமானது, மரத்தால் ஆனது, அழகானது, சிறியது, பழையது, சாப்பிட உட்காருவதற்கானது. ஆங்கிலத்தில் கையில் இருக்கிற சொற்கள்: ரவுண்டு, வுடன், லவ்லி, ஸ்மால், ஓல்டு, டைனிங். இடமிருந்து வலமாக யோசிக்காமல் பெயர்ச்சொல்லில் தொடங்கிப் பின்னோக்கிக் கட்டுங்கள். இதுதான் இந்த முறையின் உயிர்.

முதல் படி: பெயர்ச்சொல்லோடு சேர்ந்து ஒரு வகையின் பெயராகிவிட்ட சொல் எது என்று பாருங்கள். இங்கே 'டைனிங் டேபிள்'. அது மேஜையின் குணத்தைச் சொல்லவில்லை, எந்த வகை மேஜை என்று சொல்கிறது. சோதிக்க இரண்டு எளிய வழி உண்டு. முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள்: 'வெரி டைனிங்' என்று வராது. 'த டேபிள் ஈஸ் டைனிங்' என்றும் சொல்ல முடியாது. இரண்டிலும் தோற்றால் அந்தச் சொல் பெயர்ச்சொல்லின் பகுதி, நடுவில் எதையும் நுழைக்கக்கூடாது. தமிழில் நமக்கு இது புதிதில்லை. 'செந்தாமரை' என்பதற்குள் 'பெரிய' என்பதைச் செருகுவோமா? 'பெரிய செந்தாமரை' என்று வெளியில்தான் வைப்போம். தொகையாகிவிட்டதை உடைக்க முடியாது.

இரண்டாம் படி: எதனால் செய்தது, எந்த ஊரிலிருந்து வந்தது. இங்கே 'வுடன்' மட்டும் இருக்கிறது, ஆகவே 'வுடன் டைனிங் டேபிள்'. இத்தாலியில் செய்தது என்றும் சொல்ல வேண்டுமானால் 'இட்டாலியன் வுடன் டைனிங் டேபிள்' என்று நாடு அதற்கு வெளியே வரும். இந்த இரண்டில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை.

மூன்றாம் படியில்தான் வேலை. மிஞ்சியதில் ரவுண்டு, ஸ்மால், ஓல்டு மூன்றையும் ஜோடி ஜோடியாக ஒப்பிடுங்கள். வட்டமா இல்லையா என்று இருவர் வாதாடுவார்களா? அநேகமாக மாட்டார்கள். பழசா இல்லையா? கொஞ்சம் வாதாடலாம், இருபது வருடம் ஒருவருக்குப் பழசு, மற்றவருக்கு இல்லை. சிறியதா? இன்னும் தாராளமாக வாதாடலாம், இருவர் வீட்டுக்கும் ஆறு பேர் வீட்டுக்கும் ஒரே அளவு இல்லை. எனவே உள்ளிருந்து வெளியே: ரவுண்டு, ஓல்டு, ஸ்மால். சேர்த்தால் 'ஸ்மால் ஓல்டு ரவுண்டு வுடன் டைனிங் டேபிள்'. ஓல்டும் ரவுண்டும் இடம் மாறினால் பரவாயில்லை, 'ஸ்மால் ரவுண்டு ஓல்டு வுடன் டைனிங் டேபிள்' என்பதையும் ஏற்பவர்கள் உண்டு. ஸ்மால் மட்டும் ரவுண்டுக்கு உள்ளே போய்விடக்கூடாது.

நான்காம் படி: ரசனை சார்ந்த சொல்லை எல்லாவற்றுக்கும் வெளியே வையுங்கள். 'லவ்லி ஸ்மால் ஓல்டு ரவுண்டு வுடன் டைனிங் டேபிள்'. ரசனைச் சொல் இரண்டு இருந்தால், எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பொதுவான சொல் இன்னும் வெளியே போகும். 'நைஸ் கம்ஃபர்டபிள் சேர்' என்பார்கள், 'கம்ஃபர்டபிள் நைஸ் சேர்' என்று சொல்வதில்லை. இங்கும் அதே கேள்விதான். உட்கார வசதியா என்பதை உட்கார்ந்து பார்த்து ஓரளவு தீர்க்கலாம், 'நைஸ்' என்பதைத் தீர்க்கவே முடியாது.

ஐந்தாம் படி: 'எ', 'த', 'மை', 'திஸ்' போன்றவையும் எண்களும் எல்லாவற்றுக்கும் முன்னால். இதில் விவாதமே இல்லை.

ஆறாவது படியைப் பலர் செய்வதில்லை. கட்டி முடித்ததை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். ஆறு சொல் ஒரு பெயர்ச்சொல்லின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. வரிசை சரி, ஆனால் இப்படி யாரும் பேசுவதில்லை. இயல்பான ஆங்கிலத்தில் இரண்டு, அதிகம் போனால் மூன்று பெயரடைதான் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும். மீதியைப் பின்னால் தள்ளிவிடுங்கள்: 'எ லவ்லி ஓல்டு டைனிங் டேபிள், ஸ்மால் அண்ட் ரவுண்டு, மேட் ஆஃப் வுட்'. முன்னால் எதை நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. வாசகர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதையும், வகையைச் சொல்லும் சொல்லையும் முன்னால் விட்டால் போதும்.

கமா எங்கே?

வரிசையைச் சரியாக வைத்துவிட்டு கமாவில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. இதற்கும் தனி விதி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு பெயரடைக்கு நடுவே 'அண்ட்' போட்டுப் படியுங்கள், அவற்றை இடம் மாற்றியும் படியுங்கள். இரண்டும் இயல்பாக இருந்தால் கமா போடலாம். 'எ லாங், டயரிங் மீட்டிங்' என்பதை 'எ டயரிங், லாங் மீட்டிங்' என்றும் சொல்லலாம், 'லாங் அண்ட் டயரிங்' என்றும் சொல்லலாம். இரண்டும் கூட்டத்தைப் பற்றிய குறைகள், தோளோடு தோள் நிற்கின்றன.

'பிக் ரெட் கார்' என்பதில் 'பிக் அண்ட் ரெட் கார்' என்பது கொஞ்சம் விநோதமாக ஒலிக்கிறது, 'ரெட் பிக் கார்' என்பதும் அப்படித்தான். அப்படியானால் கமா வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய சொற்களைக் கமா பிரித்துவிடும். தமிழில் எழுதும்போது பெயரடைகளுக்கு நடுவே தாராளமாகக் கமா போடுகிற பழக்கம் நமக்கு உண்டு, அது அப்படியே ஆங்கிலத்துக்கும் வந்துவிடுகிறது.

இரண்டு நிறம் என்றால் மட்டும் 'அண்ட்' கட்டாயம்: 'எ பிளாக் அண்ட் ஒயிட் ஃபிளாக்'. ஒரே வகைச் சொற்கள் ஒன்றையொன்று அடக்க முடியாது என்பதால் இணைப்புச்சொல் தேவைப்படுகிறது.

விதி மீறப்படும் இடங்கள்

அட்டவணையை மட்டும் நம்புகிறவர் இங்கேதான் திணறுவார். நிறத்துக்குப் பிறகு நாடு என்கிறது அட்டவணை. ஆனால் வட அமெரிக்கக் காடுகளில் வாழும் கரடி இனத்துக்கு 'அமெரிக்கன் பிளாக் பியர்' என்று பெயர். நாடு வெளியே, நிறம் உள்ளே. ஏன்? 'பிளாக்' இங்கே நிறமே இல்லை. 'பிளாக் பியர்' என்பது ஓர் இனத்தின் பெயர். அந்த இனத்தில் பழுப்பு நிறக் கரடிகளும் உண்டு, அவற்றை 'பிரவுன் பிளாக் பியர்' என்று சொன்னாலும் முரண்பாடு இல்லை. மேஜைக் கணக்கின் முதல் படி இது: வகைப் பெயர் எப்போதும் உள்ளேதான். 'ஃபிரெஞ்ச் ரெட் ஒயின்' என்பதும் இதே கதை. அங்கே 'ரெட் ஒயின்' ஒரு வகை. ஒரு சொல் பார்ப்பதற்கு நிறமாகவோ அளவாகவோ இருப்பதை வைத்து அதன் கட்டத்தை முடிவு செய்யக்கூடாது, அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒப்பிட்டுக் காட்டும் சூழல். பெரிய கார் இரண்டு நிற்கின்றன, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பேச்சு முழுக்கப் பெரிய கார்களைப் பற்றியே போய்க்கொண்டிருக்கிறது. அப்போது ஒருவர் 'த ரெட் பிக் கார்' என்று 'ரெட்' மேல் அழுத்தம் கொடுத்துச் சொன்னால் யாருக்கும் உறுத்தாது. 'பிக் கார்' ஏற்கெனவே தெரிந்த கூட்டமாகிவிட்டது, 'ரெட்' அதிலிருந்து ஒன்றைப் பொறுக்குகிறது. இது குரலின் அழுத்தத்தால் மட்டும் நிற்கிற அமைப்பு. எழுத்தில் அழுத்தம் கேட்காது என்பதால் வெறும் பிழையாகத் தெரியும். எழுதும்போது 'த ரெட் ஒன்' என்று சுருக்கிவிடுங்கள்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அங்கே இரண்டு வரிசையும் சரி, அர்த்தம்தான் வேறு. 'மை ஃபர்ஸ்ட் பிக் ஆர்டர்' என்றால் இதற்கு முன்னும் சின்ன ஆர்டர்கள் வந்திருக்கலாம், பெரிய ஆர்டர்களில் இதுதான் முதல். 'மை பிக் ஃபர்ஸ்ட் ஆர்டர்' என்றால் வாழ்க்கையிலேயே வந்த முதல் ஆர்டர், அது பெரியதாக அமைந்தது. ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது என்று முன்னால் பார்த்தோமே, அதன் விளைவு இது. 'ஃபர்ஸ்ட்' எதை எண்ணுகிறது என்பது அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'லாஸ்ட்', 'ஒன்லி', 'ஃபார்மர்', 'ஃபேக்' போன்ற சொற்களும், 'பிக்கஸ்ட்', 'ஃபாஸ்டஸ்ட்' மாதிரியான உச்சச் சொற்களும் இந்தக் குடும்பம். 'த ஃபாஸ்டஸ்ட் ஜெர்மன் கார்' என்றால் ஜெர்மன் கார்களுக்குள் போட்டி. இவற்றில் தகராறுக் கேள்வியைக் கேட்காதீர்கள். எந்தக் கூட்டத்தை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு, அந்தக் கூட்டத்தைச் சொல்லும் சொற்களை உள்ளே வையுங்கள்.

'ஓல்டு' சாதாரணப் பெயரடைகளிலும் இந்தக் குடும்பத்திலும் கால் வைத்திருக்கிற சொல். அதற்கு 'வயதான' என்றும் பொருள், 'முன்பு இருந்த' என்றும் பொருள். தமிழ்ப் 'பழைய' மாதிரியேதான். 'மை பிக் ஓல்டு ஹவுஸ்' என்றால் கட்டி வெகுநாளான பெரிய வீடு, இன்னும் அதில் குடியிருக்கலாம். 'மை ஓல்டு பிக் ஹவுஸ்' என்றால் முன்பு குடியிருந்த பெரிய வீடு என்ற பக்கம் பொருள் சாய்கிறது, அந்த வீடு புதிதாகவே இருந்திருக்கலாம். ஆகவே 'ஓல்டு பிக்' என்று யாராவது எழுதியிருந்தால் உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். என்ன சொல்ல வந்தார் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கதையில் வரும் ஓநாய்க்கு மட்டும் ஏன் 'பிக் பேட் வுல்ஃப்' என்று பெயர் என்று கேட்பவர்கள் உண்டு. 'பேட்' ரசனைச் சொல், அது வெளியே வந்திருக்க வேண்டும். 'டிக்-டாக்', 'ஜிக்-ஜாக்' போல 'இ' ஒலி முன்னும் 'ஆ', 'ஏ' சாயல் ஒலி பின்னும் வரும் ஓசைப் பழக்கம் இங்கே ஜெயித்துவிட்டது என்கிறார்கள் சிலர். 'பேட் வுல்ஃப்' என்பதே ஒரு வகை என்கிறார்கள் வேறு சிலர். எப்படியானாலும் அது உறைந்துபோன தொடர், அதை வைத்து வேறு எதையும் அடுக்க வேண்டாம்.

தமிழ்க் காது ஏமாற்றும் இடங்கள்

வரிசையில் தமிழ் உதவுகிறது என்றேன். ஆனால் தமிழ் ஆங்கிலத்தைவிட நெகிழ்வானது, அந்த நெகிழ்வுதான் வம்பு. 'பெரிய இரண்டு கார்' என்றும் சொல்வோம், 'இரண்டு பெரிய கார்' என்றும் சொல்வோம். 'சிவப்பு கலரில் ஒரு பெரிய கார்' என்று நிறத்தை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு 'ஒரு' என்பதைச் சேர்ப்போம். ஆங்கிலத்தில் எண்ணும் 'எ'யும் பெயரடைகளைத் தாண்டி உள்ளே வருவதில்லை. 'டூ பிக் கார்ஸ்' மட்டும்தான்.

அதைவிடப் பெரிய பொறி பெயரெச்சம். 'போன வாரம் வாங்கிய பெரிய சிவப்பு கார்' என்பதில் 'போன வாரம் வாங்கிய' என்பதும் நமக்கு இன்னொரு அடைதான், காருக்கு முன்னால் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வரும். ஆங்கிலத்தில் இது முன்னால் நிற்காது: 'த பிக் ரெட் கார் தட் வி பாட் லாஸ்ட் வீக்'. நீளமான அடைகளை முன்னாலேயே திணிக்கப் பார்க்கும்போதுதான் பெயரடை வரிசையும் சேர்ந்து குழம்பிப்போகிறது. 'அந்த அடையில் வினை ஒளிந்திருக்கிறதா' என்று பாருங்கள். இருந்து, அது தனியாக இல்லாமல் இடம், காலம் என்று வேறு சொற்களையும் இழுத்துக்கொண்டு வந்தால் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் அனுப்பிவிடுங்கள். 'புரோக்கன் சேர்' போன்ற ஒற்றைச் சொல் மட்டும் முன்னால் நிற்கலாம்.

இரட்டிப்பும் உண்டு. 'பெரிய பெரிய வீடுகள்' என்று நாம் சொல்வதை 'பிக் பிக் ஹவுசஸ்' என்று எழுதக்கூடாது. ஒரு 'பிக்' போதும், பன்மை பெயர்ச்சொல்லிலேயே இருக்கிறது.

சந்தேகம் தீராவிட்டால்

இரண்டு வரிசையில் எது வழக்கம் என்று தெரியாமல் முழிக்கும்போது, அச்சான புத்தகங்களில் எது எவ்வளவு வருகிறது என்று பார்க்க Google Books Ngram Viewer இருக்கிறது. தேடும் பெட்டியில் இரண்டு தொடரையும் கமா போட்டு உள்ளிடுங்கள்:

```
big old house,old big house
```

வருடவாரியாக இரண்டு கோடுகள் வரும், உயரமாகப் போகிற கோடுதான் வழக்கம். தொடர் ஐந்து சொல்லுக்கு மேல் போகக்கூடாது. 40 புத்தகங்களுக்கும் குறைவாக வரும் தொடரை அது காட்டாது. ஆகவே ஒரு கோடு வரவே இல்லை என்றால், அந்த வரிசை அரிது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டுமே வராமல் போனால் அதிலிருந்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அப்போது பெயர்ச்சொல்லை மாற்றி, 'ஹவுஸ்', 'கார்', 'டேபிள்' போன்ற சாதாரணச் சொல்லோடு அதே இரண்டு பெயரடைகளைப் போட்டுத் தேடுங்கள்.

எண்ணிக்கை குறைவாக வருவதெல்லாம் பிழை என்று நினைத்துவிடவும் வேண்டாம். 'ஓல்டு பிக் ஹவுஸ்' என்ற கோட்டுக்குள் 'முன்பு இருந்த பெரிய வீடு' என்ற பொருளில் சரியாக எழுதியவர்களும் கலந்திருப்பார்கள். கோடு அவர்களைப் பிரித்துக் காட்டாது, அதற்கு அந்த வாக்கியங்களைத் திறந்து படித்தாக வேண்டும்.